ஏற்றக் காத்திருக்கும் லாரி

திருமுருகன்பூண்டியில் பின்னலாடை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் புறப்படும் கன்டெய்னர் லாரி தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாக ஏறத்தாழ 330 கிலோமீட்டர் ஓடுகிறது. ஊர்களையும் வளைவுகளையும் சுங்கச்சாவடிகளையும் கணக்கில் கொண்டால் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். போகும் வழிக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓர் ஓட்டுநரின் ஒருநாள் வேலை அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

சட்டம் சொல்லும் அளவும் இதுதான். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தூர வழித்தடமானால் நாளொன்றுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை இடமளித்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்கு அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் ஒன்பது மணி நேர இடைவெளி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தானே அந்தச் சட்டம் என்று ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள் சொல்வதுண்டு. ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இதே வேலை நேரத்தைப் போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர்களுக்குப் பொதுவாக்கியது. 1961ஆம் ஆண்டின் சட்டத்தை 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு தன்னுள் சேர்த்துக்கொண்டது. விதி இல்லாத குறை இங்கே இருந்ததில்லை, குறை கண்காணிப்பில்தான். ஐரோப்பிய லாரிகளில் ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் தானே பதிந்துகொள்ளும் டாக்கோகிராஃப் என்ற கருவி கட்டாயம். இங்கே அப்படி எதுவும் இல்லாததால் ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்பதற்கு அவருடைய கண்கள்தான் சாட்சி.

அவிநாசி – திருப்பூர் சாலையில், சிற்பக்கூடங்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் இடையில், பகல் முழுவதும் காலிக் கன்டெய்னரோடு நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் ஓட்டுநரின் நேரம் எங்கே போகிறது என்று விளங்கும். வண்டியைக் காலை பத்து மணிக்குக் கேட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். அப்போது உள்ளே அயர்னிங் நடந்துகொண்டிருக்கும், பேக்கிங் பாதியில் இருக்கும். வாங்கும் நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து அட்டைப்பெட்டிகளில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ஏற்றுவது தொடங்கும். பெட்டி எண்ணி, அடுக்கி, கதவைச் சாத்தி, சீல் வைக்க இரவு எட்டு மணி ஆவது சாதாரணம். துறைமுகத்துக்குள் பெட்டி நுழைவதற்கான கடைசி நேரமோ மறுநாள் காலையில் அசையாமல் நிற்கிறது. கப்பல் தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அல்லது தைத்தவரின் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். பின்னதில் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் கரைந்துவிடலாம். எனவே தாமதம் முழுவதையும் சாலையில்தான் ஈடுகட்டியாக வேண்டும் என்றாகிறது.

காலை ஆறு மணிக்கு எழுந்த ஓட்டுநர் இரவு எட்டு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது விழித்துப் பதினான்கு மணி நேரம் ஆகியிருக்கும். பகலில் கேபினில் படுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் கோடையில் ஒரு லாரி கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். மேலும், ‘வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுங்கள்’, ‘பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று மணிக்கொரு முறை அழைப்பு வரும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிர்சாதன கேபின் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. சாலையில் ஓடும் பழைய வண்டிகளுக்கு அதனால் பயனில்லை.

பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையதைப் போல் குறைகின்றன என்று 1997இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. மேலே சொன்ன ஓட்டுநர் இந்த நிலையை இரவு பதினொரு மணிக்கு எட்டுகிறார். வண்டி அப்போது திண்டுக்கல் பக்கம் போயிருக்கும். அதற்குப் பிறகு, உடல் தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையிலான பொழுது வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் செருகினால் லாரி ஏறத்தாழ 67 மீட்டர் ஓடிவிடும்.

இது எதில் போய் முடியும் என்பது திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்திலேயே தெரிந்தது. 2020 பிப்ரவரி 20 அன்று விடியலுக்கு முன், அவிநாசி அருகே சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில், டைல்ஸ் ஏற்றிச் சென்ற கன்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி எதிரே வந்த கேரள அரசுப் பேருந்தின் மீது மோதியதில் 19 பேர் உயிரிழந்தனர். டயர் வெடித்ததால் நேர்ந்தது என்று முதலில் பேசப்பட்டது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்பது பின்னர் விசாரணையில் வந்த முடிவு. டயரா, தூக்கமா என்ற இந்தக் கேள்வி லாரித் தொழிலில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழுகிறது. ஆனால் டயரைப் பார்க்கவும் ஓட்டுநர் தூங்கவும் ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றுதான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. வண்டி நிற்கும் பொழுது அது. அந்தப் பொழுது கேட்டில் கரைந்தால் இரண்டும் சேர்ந்தே போகின்றன.

பராமரிப்பில் எது முதலில் விடுபடுகிறது என்பதைப் பட்டறைகளில் பார்க்கலாம். ஆயில் மாற்றுவதைப் பெரும்பாலும் யாரும் மறப்பதில்லை. கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் தெரிகிறது, கம்பெனி சர்வீஸும் நினைவூட்டுகிறது. விடுபடுவது கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய சின்ன வேலைகள்தான். காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரை வடிப்பது, பட்டைகளுக்கு கிரீஸ் அடிப்பது, சக்கரம் மாற்றிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்குவது, பிரேக் சரிசெய்வது ஆகியவை.

ஹப் பேரிங்கையே எடுத்துக்கொள்ளலாம். சக்கரத்தின் நடுவில் கிரீஸில் ஊறிச் சுழலும் பேரிங்கை ஓர் ஆயில் சீல் காக்கிறது. சீல் தேய்ந்தால் கிரீஸ் வெளியே கசிந்து பிரேக் லைனரில் படும். அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிப்பது குறைந்து, வண்டி மறுபக்கம் இழுக்கத் தொடங்கும். கூடவே கிரீஸ் வற்றி பேரிங் சூடாகும். முடிவில் அது இறுகி நின்றுவிடலாம், சக்கரமே கழன்று ஓடவும் செய்யலாம். இது ஒரே நாளில் நடப்பதில்லை. ரிம்மின் உட்புறத்தில் கறுப்பாக எண்ணெய்க் கோடு தெரியும், கிரீஸ் கருகும் வாடை வரும், நிறுத்தியதும் மற்ற ஹப்புகளைவிட அந்த ஒன்று மட்டும் அதிகமாகச் சுடும். டீக்கடையில் நிறுத்தினால் முதலில் நாலு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இன்று பல வண்டிகளில் கிளீனர் இல்லை. பதினாறு மணி நேரம் விழித்திருந்து இறங்கும் தனி ஓட்டுநருக்கு ஹப்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாதது வியப்பில்லை. களைத்த ஓட்டுநர் கோளாறை முதலில் கண்டுபிடிக்கும் ஆளாகவும் இல்லாமல் போகிறார்.

உள்ளூரில் ஓடும் வண்டிகளின் கதை வேறு. நூலை நிட்டிங்குக்கும், துணியைச் சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் கொண்டுபோகும் வேன் நாளெல்லாம் ஓடினாலும் மீட்டரில் 60, 70 கிலோமீட்டரே ஏறும். மீட்டரை நம்பினால் சர்வீஸ் நாள் வரவே வராது, எஞ்சினோ ஏழெட்டு மணி நேரம் உழைத்திருக்கும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அந்தக் கரி எரிந்து தீர வண்டி சற்று நேரம் தொடர்ந்து ஓடி வெளியேறும் புகை நன்றாகச் சூடாக வேண்டும். நின்று நின்று ஓடும் வேனில் அது நடப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஓட்டினால் இழுவை குறைந்து வண்டி படுத்துவிடும். இப்படிப்பட்ட வண்டிக்குப் பராமரிப்பு நாளை ஓடிய மணிக்கணக்கில் குறிப்பதே சரி.

இனிச் செலவுக்கு வரலாம். புரிவதற்காக வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. கடன் தவணை, காப்பீடு, வரி, சம்பளம் என்று ஒரு கன்டெய்னர் லாரிக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் ₹1,05,000 ஆகிறது என்போம். தூத்துக்குடி போய்வர இரண்டரை நாள் ஆனால் மாதத்துக்கு 12 நடை. நடை ஒன்றுக்கு நிலைச்செலவு ₹8,750. ஒவ்வொரு நடையிலும் கேட்டில் அரை நாள் வீணானால் நடை மூன்று நாளாகும், மாதத்துக்கு 10 நடையே கிடைக்கும். நிலைச்செலவு ₹10,500க்கு ஏறும், அதாவது நடைக்கு ₹1,750 கூடுதல். இப்போது காத்திருப்பே இல்லை, ஆனால் மாதத்தில் ஒரு முழு நாள் வண்டியைப் பட்டறையில் விடுகிறார் என்று கொள்வோம். மீதி 29 நாளில் 11.6 நடை ஓடும். நடைக்கு ஆகும் நிலைச்செலவு சுமார் ₹9,050, கூடுவது ₹300 மட்டும்.

உரிமையாளரால் கம்பெனி கேட்டில் போகும் ₹1,750ஐ மிச்சப்படுத்த முடிவதில்லை, அது அவர் கையில் இல்லை. தன் கையில் இருக்கும் ₹300ஐயும் ஓட்டுநரின் தூக்கத்தையும்தான் அவர் குறைக்கிறார். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால் ஓட்டுநரும் அதற்கு உடன்படுகிறார். நின்ற நேரத்துக்கு அவருக்குப் படி கிடைப்பது அரிது. ஹால்டிங் சார்ஜ் கிடைத்தாலும் அது உரிமையாளருக்கே போகும். பிறகு திண்டுக்கல்லுக்கு அப்பால் ஒரு பேரிங் இறுகி நின்றால், இழுவை வண்டி, மெக்கானிக், இரண்டு நாள் நிறுத்தம் என்று பல மாதம் மிச்சம்பிடித்தது ஒரே இரவில் போகும். கப்பலும் தவறியிருக்கும்.

நிலைமையை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஃபாஸ்டேக் கழிவு ஒவ்வொன்றும் உரிமையாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக நேரத்தோடு வருகிறது. மதுரைக்குத் தெற்கே எலியார்பத்தி, தூத்துக்குடிக்கு முன் புதூர்பாண்டியாபுரம் ஆகிய இரண்டு சாவடிகளுக்கும் இடையே பாரம் ஏற்றிய வண்டிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அது வெகுவாகக் குறைந்தால் விரட்டி ஓட்டியிருக்கிறார் என்று பொருள். இந்த நேரங்களோடு கேட்டுக்குள் வந்த நேரத்தையும் சீல் வைத்த நேரத்தையும் டிரிப் ஷீட்டில் எழுதிவைத்தால், தாமதம் யாருடையது என்பதில் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. வாடகை ஒப்பந்தத்தில் முதல் நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் காத்திருப்புத் தொகை, அதில் ஒரு பங்கு நேரடியாக ஓட்டுநருக்கு என்று சேர்த்துக்கொள்ளும் பேச்சுக்கும் அப்போதுதான் ஆதாரம் இருக்கும்.

பின்னலாடை நிறுவனங்கள் செய்யக்கூடியது இன்னும் எளியது. ஆய்வு முடிந்து பெட்டி எண்ணிக்கை உறுதியான பிறகு வண்டியை அழைக்கட்டும். காலை பத்து மணிக்கு வரச் சொல்லி இரவு எட்டு மணிக்கு அனுப்புவதை நிறுத்த அவர்களுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.