ஒரே கடத்தல், இரண்டு கெடு

‘ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் முப்பது லட்சம் வராவிட்டால் பையன் உயிரோடு வரமாட்டான்.’ இப்படி ஒரு வரியை முதல் அத்தியாயத்தில் வைத்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்புறம் ஒரு அத்தியாயம் அம்மா, ஒரு அத்தியாயம் கடத்தியவன் என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு போனால் மீதிப் பாதியும் முடிந்தது. மாத நாவல் வாசகர்களுக்கு ராஜேஷ்குமார் பழக்கிவிட்ட இரண்டு ட்ராக் இது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது போல ஓடி, கடைசியில் ஒன்று சேரும் தடங்கள். ஆனாலும் இப்படி எழுதி என்னிடம் படிக்கக் கொடுக்கப்படும் கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் நாற்பதாம் பக்கத்தில் படுத்துவிடுகின்றன. கெடு இருக்கிறது, ட்ராக்கும் இரண்டு இருக்கிறது, பயம் மட்டும் ஏறவில்லை.

காரணம் எளிது. கெடு என்பது வெறும் தேதி. வெள்ளிக்கிழமை சொன்ன ஆறு மணி சனிக்கிழமையும் அதே ஆறு மணிதான். அதைப் பத்து முறை ஞாபகப்படுத்தினாலும் வாசகனுக்குத் தெரிந்தது ஒன்றும் கூடுவதில்லை. இரண்டு ட்ராக்கின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ட்ராக்கில் இருப்பவருக்குத் தெரிந்தது இன்னொரு ட்ராக்கில் இருப்பவருக்குத் தெரியாது. வாசகனுக்கு இரண்டும் தெரியும். அந்த இடைவெளியில்தான் பயம் வளர்கிறது.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். பன்னிரண்டு வயது கதிர் வெள்ளிக்கிழமை மாலை டியூஷனிலிருந்து சைக்கிளில் வரும்போது கடத்தப்படுகிறான். கடத்தியவன் செல்வம், அந்தத் தறிக்கு நூல் ஏற்றி வந்த பழைய வேன் டிரைவர். பையனை அடைத்து வைத்திருப்பது நாமக்கல் பக்கம் மூடிக்கிடக்கும் கோழிப்பண்ணை ஷெட்டில். ஒற்றைப்படை அத்தியாயங்கள் அம்மா மல்லிகாவுக்கு, இரட்டைப்படை செல்வத்துக்கு. பணத்துக்குக் கெடு ஞாயிறு மாலை ஆறு மணி.

இதோடு நிறுத்தினால் ஆயிரத்தோராவது கடத்தல் கதை. கதிருக்கு டைப் 1 சர்க்கரை. தினமும் இரவு ஒன்பது மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்பு வேகமாக வேலை செய்யும் இன்சுலின் ஒன்று. கடைசியாக இரவு ஊசி போட்டது வியாழன். அதன் பலன் ஏறத்தாழ ஒரு நாள் இருக்கும். அப்படியென்றால் வெள்ளி இரவோடு உடம்பில் இன்சுலின் தீர ஆரம்பிக்கிறது. முதலில் தாகம், அடிக்கடி சிறுநீர். பிறகு வயிற்றுவலி, வாந்தி. பிறகு ஆழமான வேக மூச்சு, மயக்கம். ஞாயிறு மாலை ஆறு மணி வரை அவன் தாங்குவான் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். செல்வம் வைத்த கெடுவுக்குள் இன்னொரு கெடு ஓடுகிறது. அது மல்லிகாவுக்குத் தெரியும், செல்வத்துக்குத் தெரியாது.

குடும்பத்தோடு பழகிய டிரைவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று வாசகன் கேட்பான். கேட்க வேண்டும். கதிருக்கு ஒரு அக்கா இருக்கிறாள், கல்யாணத்துக்குப் பார்க்கிறார்கள். தம்பிக்கு இந்த வயதில் சர்க்கரை என்று வெளியே தெரிந்தால் வருகிற வரன் போய்விடும் என்று வீட்டில் மூடி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பையனிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இடைவெளியைச் செயற்கையாக வைத்தால் கதை பொய்யாகிவிடும். அந்த மனிதர்களின் வாழ்க்கையே அதை உண்டாக்கியிருக்க வேண்டும்.

இனி இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். வேனில் பையன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். செல்வத்துக்கு மனசு கேட்கவில்லை. வழியில் பேக்கரியில் நிறுத்தி ஒரு க்ரீம் பன்னும் ஒரு பாட்டில் கூல்ட்ரிங்க்ஸும் வாங்கிக் கொடுக்கிறான். துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை, ஒருவன் ஒரு குழந்தைக்குத் தின்ன வாங்கிக் கொடுக்கிறான். ஆனால் முதல் அத்தியாயத்தின் முடிவில் மல்லிகா ஃப்ரிட்ஜைத் திறந்து இரவு ஊசி அங்கேயே இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதைப் படித்துவிட்டு வரும் வாசகனுக்கு அந்த க்ரீம் பன் கத்தியைவிட மோசம். நான்காம் அத்தியாயத்தில் பையன் திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்கிறான், திரும்பத் திரும்ப ஒண்ணுக்குப் போக வேண்டும் என்கிறான். தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்து செல்வம் கயிற்றை இறுக்குகிறான். இந்த அத்தியாயங்களைத் தனியாகப் பிரித்துப் படித்தால் சப்பென்றுதான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ட்ராக்கை மட்டும் எடுத்துப் படிக்கும்போதும் அது முழுசாக விறுவிறுவென்று இருந்தால், இன்னொரு ட்ராக் அதற்கு எதுவும் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு கெடுவையும் ஒரே மாதிரி எழுதக்கூடாது. பணத்துக்கான கெடு துல்லியமானது: ஆறு மணி. உடம்பின் கெடுவுக்கு மணி கிடையாது. ‘ராத்திரி தாங்கலாம், தாங்காமலும் போகலாம்’ என்பதுதான் மல்லிகாவுக்குத் தெரிந்தது. துல்லியமான கெடுவை வாசகன் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவான். தெளிவில்லாத கெடு அவனை உட்காரவிடாது. அதனால் அத்தியாயத் தலைப்பில் மணியைப் போட்டாலும் உடம்பின் நிலையைத் தலைப்பில் சொல்வதில்லை. அது செல்வம் பார்த்தும் புரிந்துகொள்ளாத அறிகுறியாக மட்டும் வருகிறது. தலைப்பிலேயே நாட்களை எண்ணிக் குறைத்த நாவல்களில் கார்னெல் வூல்ரிச், வில்லியம் ஐரிஷ் என்ற பெயரில் 1942-இல் வெளியிட்ட ‘ஃபாண்டம் லேடி’ முக்கியமானது. மரண தண்டனைக்கு இன்னும் இத்தனை நாள் என்று தலைப்புகள் சொல்லும். அந்த எண் சீராகக் குறையாமல் தாவிக் குறையும். ஒன்றும் நடக்காமல் தீர்ந்துபோன நாட்கள் அந்தத் தாவலிலேயே தெரிந்துவிடும்.

சரி, இந்த இடைவெளியை எவ்வளவு நேரம் இழுக்கலாம்? காரணம் காட்டாமல் ஆறு அத்தியாயத்துக்கு மேல் ‘அவனுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியாது’ என்று ஓட்டினால் வாசகனுக்கு எரிச்சல் வரும். ஃபோனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பான். அதனால் செல்வம் பேசுவது சில நொடிகள்தான். ஃபோனை எடுப்பதும் அப்பாதான். நோயாளிப் பையன் என்று தெரிந்தால் பயந்துபோய் எங்காவது போட்டுவிட்டு ஓடிவிடுவான் என்பது அவர் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில், சனிக்கிழமை பிற்பகல், மல்லிகா ஃபோனைப் பிடுங்கிச் சொல்லிவிடுகிறாள். அவன் நம்பவில்லை. சர்க்கரை வயசானவர்களுக்கு வருவது, அவன் அம்மாவுக்கே இருக்கிறது. நாடகம் என்று நினைத்து ஃபோனை அணைக்கிறான். பத்தாம் அத்தியாயத்தில் வாந்தி எடுத்துவிட்டுப் பையனும் சத்தியத்தை மீறி அதையே சொல்கிறான். இருவரும் பேசிவைத்துக்கொள்ள வழியே இல்லையே என்று செல்வத்துக்கு அப்போதுதான் உறைக்கிறது.

பல கதைகள் கவிழ்வது இங்கேதான். எட்டு அத்தியாயமாகக் கட்டிய இடைவெளி மூடிவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் இப்போது விஷயம் தெரியும். மூடிய உடனேயே அடுத்த இடைவெளி திறந்தாக வேண்டும். அதற்கான விதை முன்பே விழுந்திருக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில், வெள்ளி இரவு தூக்கம் வராத மல்லிகா ஒரு பழைய சம்பவத்தை நினைக்கிறாள். நோய் தெரிந்த புதிதில் பாட்டி தன் சர்க்கரை மாத்திரையைப் பேரனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்க, இவனுக்கு மாத்திரை உதவாது, இன்சுலின் மட்டும்தான் என்று டாக்டர் சொன்னது. படிக்கும்போது அம்மாவின் பழைய நினைப்பு என்று கடந்துபோகும் நாலு வரி. பதினோராம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர், அவன் ஊசி வாங்கத்தான் வருவான் என்று மெடிக்கல் கடைகளில் ஆள் போடுகிறார். பன்னிரண்டில் செல்வமும் அதையே யோசிக்கிறான், மெடிக்கல் பக்கம் போனால் மாட்டிக்கொள்வோம் என்று. நேராகத் தன் அம்மா வீட்டுக்குப் போய் அவள் மாத்திரைப் பட்டையை எடுத்துக்கொண்டு வருகிறான். போலீஸ் காத்திருக்கும் இடத்துக்கு அவன் வரப்போவதில்லை. அவன் கொண்டுபோகும் மருந்து வேலை செய்யப்போவதில்லை. இரண்டு பேருமே சரியாக யோசித்திருக்கிறார்கள், அதனாலேயே நிலைமை மோசமாகிறது. முட்டாள்தனத்தால் ஏறும் பதற்றம் வாசகனுக்குச் சலிப்பு. புத்திசாலித்தனத்தால் ஏறும் பதற்றத்துக்கு அவனிடம் பதிலே கிடையாது.

ஒரு பக்கம் எடுக்கும் அடி மறுபக்கத்தின் வழியை அடைக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஃபிரெடரிக் ஃபோர்சித்திடம். 1971-இல் வந்த ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’. அதில் ஜாக்கல் குறிவைக்கும் பிரெஞ்சு அதிபர் டி கால் கொல்லப்படவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். ஆகவே ‘நடக்குமா’ என்ற கேள்வியில் அவர் பதற்றத்தை வைக்கவே முடியாது. துப்பறியும் லெபெல் மூன்று பாகங்களில் இரண்டாவதில்தான் நுழைகிறார். அதன் பின் அமைச்சர் நடத்தும் கூட்டத்தில் பேசப்படுவது ஒரு அதிகாரியின் காதலி வழியாகக் கசிந்து கொலையாளியை எட்டுகிறது. லெபெல் நெருங்குவதே ஜாக்கலை எச்சரிக்கும் மணியாகிவிடுகிறது. அந்தக் கசிவை எடுத்துவிட்டால் இரண்டு ட்ராக்கும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளம் போல ஒன்றையொன்று தொடாமல் போய்க்கொண்டிருக்கும்.

ட்ராக் மாறும்போது நேரத்தைப் பின்னால் கொண்டுபோவது பற்றியும் சொல்ல வேண்டும். மல்லிகாவின் அத்தியாயம் இரவு எட்டு மணிக்கு முடிந்து, அடுத்தது செல்வத்தோடு ஏழு மணிக்குத் தொடங்கினால் வாசகன் ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பெறுகிறான். கெடு வைத்த கதையில் அது ஆசுவாசம். நான் பெரும்பாலும் கடிகாரத்தை முன்னால்தான் ஓட்டுகிறேன். விதிவிலக்கு ஒன்று உண்டு: எட்டு மணிக்கு என்ன ஆகும் என்று வாசகனுக்கு முன்பே தெரிந்து, ஏழு மணிக்காரன் அதை நோக்கி நடப்பதைப் பார்க்க வேண்டியிருந்தால் பின்னால் போகலாம்.

தொய்வைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே, அதை முடிக்கும்போது வாசகன் எதற்காகப் பயப்படுகிறான் என்று பென்சிலில் ஒரே வரி எழுதுவேன். ‘இரவு ஊசி இல்லை.’ ‘தின்னக் கொடுத்ததே விஷம்.’ ‘தாகத்தைத் திமிர் என்று நினைக்கிறான்.’ அடுத்தடுத்த இரண்டில் ஒரே வரி வந்தால் ஒன்றை வெட்ட வேண்டும், அல்லது ஒரு வழியை அடைக்க வேண்டும். வேகத்துக்காகக் கடைசி அத்தியாயங்களை ஒன்றரைப் பக்கமாக நறுக்குவது இதற்கு மாற்றல்ல. என் கதையில் முதல் எட்டு அத்தியாயங்கள் வெள்ளி மாலை முதல் சனி நண்பகல் வரை. கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய ஆறும் ஞாயிறு அதிகாலை ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள். அந்த ஆறில் ஒன்று நீளமானது. செல்வம் பையனின் மூச்சை எண்ணிக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது. அதை நறுக்கினால் அவன் எடுக்கும் முடிவை யாரும் நம்பமாட்டார்கள்.

அவன் பையனைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குள் நுழைவது மூன்று மணிக்கு. ஆறு மணிக் கெடு பதினைந்து மணி நேரம் முன்பே செத்துப்போகிறது. வாசகன் கடைசி வரை எண்ணிக்கொண்டிருந்தது தவறான கடிகாரத்தை. இந்த அத்தியாயம் செல்வத்தின் ட்ராக்கில்தான் வர வேண்டும், பிடிபடுவோம் என்று தெரிந்து நடப்பவன் அவன்தான். அடுத்தது மல்லிகாவுக்கு. அங்கே கதிர் கண்ணைத் திறந்து ‘அம்மா’ என்று சிரிக்க முடியாது. சலைனும் இன்சுலினும் ஏறி ரத்தம் சீராகவே பல மணி நேரம் ஆகும். டாக்டர் வெளியே வந்து ‘பார்க்கலாம்’ என்று மட்டும்தான் சொல்வார். அந்த அத்தியாயத்தைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் தலைப்பில் மணி போடவில்லை.