வலீமா வீட்டு போட்டோ ஏன் மணல் கொட்டினது போல வருகிறது?

போன மாதம் எங்கள் தங்கச்சி மகளின் வலீமா, இஷாவுக்குப் பிறகு வீட்டு ஹோலிலேயே நடந்தது. நிற்கவும் இடமில்லாத சனம். உம்மும்மா புதுப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நாங்கள் வாசலடியில் நின்றபடியே சூம் பண்ணி எடுத்தோம். மறுநாள் பார்த்தால் உம்மும்மாவின் முகம் முழுக்கப் புள்ளி. அந்த நிமிஷம் இனி வராது.

எங்கே பிழைத்தோம் என்று அறிய, அதே ஹோலில் மகளைக் கதிரையில் இருத்தி எடுத்துப் பார்த்தோம்.

முதல் பிழை சூம். வெளிச்சம் குறைந்தால் போன் பெரும்பாலும் பெரிய கெமராவில் எடுத்த படத்தின் நடுத்துண்டை வெட்டிப் பெருப்பிக்கிறது. படத்தோடு புள்ளியும் பெருக்கிறது. 1x இலேயே வைத்து, ஆட்களை விலக்கிக்கொண்டு கிட்டப் போவதுதான் வழி.

இரண்டாவது, வெளிச்சத்தின் தூரம். வெளிச்சம் போதாதபோது போன் கிடைத்த கொஞ்சத்தையும் பெருக்கிக் காட்டும். ISO என்ற எண் அதைத்தான் சொல்கிறது. அது ஏற ஏறப் புள்ளி கூடும். கதிரை பல்பிலிருந்து 4 மீற்றரில் இருந்தபோது Pro முறையில் ISO 3200 தேவைப்பட்டது. 2 மீற்றருக்கு நகர்த்தினோம். தூரம் பாதியானால் பல்பிலிருந்து நேரே வரும் வெளிச்சம் நாலு மடங்காகும். சுவரில் பட்டு வரும் வெளிச்சம் அப்படிக் கூடாததால் ISO 800 வரை இறங்கவில்லை, 1250இல் நின்றது. அதுவே போதும், முகம் தெளிவாக வந்தது. பல்ப் எடுப்பவரின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் இருக்க வேண்டும். முகத்துக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும்.

இரண்டு தடவையும் ஷட்டரை 1/50இல் வைத்தோம். எங்கள் நாட்டு கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல பல்புகள் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டி விழாது. ஆனால் 1/50இல் ஓடுகிற பிள்ளை கலங்கித்தான் வரும். பிள்ளை நிற்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும்.

நைட் மோட் பல படங்களை ஒன்றாக்கிப் புள்ளியைக் குறைக்கும். அசையாமல் இருக்கும் பெரியவர்களுக்கு அது நல்லது. சஹனில் சாப்பிடுகிறவர்களை அதில் எடுத்தால் கைகள் புகைபோல ஆகிவிடும்.

பல்பை அசைக்க முடியாவிட்டால், இன்னொருவரின் போன் டோர்ச்சை முகத்துக்கு நேரே பிடிக்காமல் பக்கத்து வெள்ளைச் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். சுவரில் பட்டு மெதுவாக வரும் வெளிச்சம் இரண்டு மூன்று பேருக்குக் காணும். முழு ஹோலுக்கும் காணாது.

அடுத்த கிழமை புதுப்பெண் வீட்டுக்கு வந்தபோது உம்மும்மாவை பல்புக்குக் கிட்ட இருத்தி, பக்கத்தில் அவளையும் இருத்தி எடுத்தோம். இந்த முறை உம்மும்மாவின் முகச் சுருக்கம்கூடத் தெரிகிறது. அழுத அந்தப் படத்தையும் அழிக்கவில்லை.