வெளுத்த முடியும் ஒரு மன்னிப்பு மெயிலும்

அடர் காபி நிறம் கேட்டிருந்தேன். வந்தது செம்புநிறம். ஓசூர் வெயிலில் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. மறுநாள் காலையில், சாயம் பூசிய பெண்ணிடமிருந்தே மெயில்.

"மன்னிச்சிடுங்க அக்கா. 20 வால்யூம் டெவலப்பருக்குப் பதிலா 30 கலந்துட்டேன். காசு வேண்டாம், சரி பண்ணித் தர்றேன்."

20 என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 30 என்றால் 9. வீரியம் கூடினால் முடியின் சொந்தக் கருமை அதிகம் கரைந்து, அடியிலிருக்கும் செம்மஞ்சள் வெளியே வந்துவிடும். "உங்க முடி அப்படி" என்று பழியை என்மேல் போடாதது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரிசெய்யும் முறையையும் எழுதியிருந்தார். செம்மஞ்சளை அடக்குவது நீலம். அதனால் சாம்பல் சாயல் கலந்த அடர் பழுப்பை, அமோனியா இல்லாமல், வீரியம் குறைந்த டெவலப்பரில் பூசுவார். சாம்பல் கூடினால் முடி மங்கிக் கறுத்துவிடும். ஆகவே முதலில் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் மட்டும் பூசி, காயவைத்துப் பார்ப்பார். ஈர முடியின் நிறம் எப்போதும் அடர்த்தியாகத்தான் தெரியும்.

"அதுவரை வீட்டுல மருதாணியோ பாக்கெட் டையோ போட்டுடாதீங்க. சரி பண்ணிப் பூசுற நிறமும் சில வாரத்துல மங்கும். அப்பவும் வாங்க, இலவசமா பூசித் தர்றேன்."

சனிக்கிழமை போகிறேன்.