கடைசிக் கதவிலிருந்து தொடங்கும் எழுத்து

ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு இரண்டாம் கட்டக் கணினித் தேர்வு 2025 மார்ச் 19, 20 தேதிகளில் நடக்க இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பித்த பலருக்குத் தேர்வு மையம் தெலங்கானாவில் விழுந்தது. இவ்வளவு தூரத்தில் மையம் போடலாமா என்று தமிழ்நாட்டு அரசியல் தலைவர்கள் கண்டித்தார்கள், மையங்கள் மாறவில்லை. பிள்ளைகள் இரவு முழுக்க ரயிலில் பயணம் செய்து ஹைதராபாத் வந்து இறங்கினார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. மே மாதம்தான் மறுபடி நடந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் வழிகாட்டிக் குறிப்பு எழுதும் சிலர் ஹைதராபாத்திலேயே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் செகந்திராபாத்தின் லாலாகுடாவுக்குப் போனேன். மின்சார எஞ்சின் பணிமனையும் ரயில்வே குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. தென்மத்திய ரயில்வேயில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் முன்னறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லோகோ பைலட், விழுப்புரம் பக்கத்துக்காரர். அமீர்பேட்டையில் விடுதியில் தங்கி மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர். வங்கித் தேர்வு எழுதி வேலைக்கு வந்த திருநெல்வேலிப் பெண் ஒருவர். வாரக்கடைசியில் கூடுகிறார்கள். வேலைவாய்ப்பு அறிவிக்கையைப் படித்து, ஐடிஐ மாணவருக்குப் புரியும் தமிழில் இரண்டு மூன்று பக்கமாக எழுதுகிறார்கள். அது ஊரில் தெரிந்த ஐடிஐ ஆசிரியர்கள் வழியாக அச்சுத்தாளாகவும் கைப்பேசியிலும் போய்ச் சேருகிறது.

நான் போனபோது மேஜையில் இருந்தது 01/2024 என்ற எண்ணுள்ள அறிவிக்கை. உதவி லோகோ பைலட் பணிக்கு 2024 ஜனவரியில் வந்தது அது. முதலில் 5,696 காலியிடங்கள் என்று வந்து, பின்னால் 18,799 ஆக உயர்ந்தது. அடுத்து வரும் அறிவிக்கைக்குக் குறிப்பு எழுத அதை மாதிரியாக வைத்திருந்தார்கள்.

அவர்கள் எழுதும் வரிசை என்னை யோசிக்க வைத்தது. நான் பார்த்த வழிகாட்டிக் குறிப்புகளில் பெரும்பாலானவை காலியிடம், சம்பளம், பாடத்திட்டம் என்று போய், மருத்துவத் தகுதியைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடும். இவர்கள் அந்தக் கடைசி வரியை முதல் பத்தியாக்குகிறார்கள். ஒருவரை எந்த நிபந்தனை திருப்பி அனுப்புமோ அது முதலில் வரவேண்டும் என்பது அவர்களுடைய விதி.

“தம்பி, கண்ணாடி போடுறியா? கண்ணில் லேசர் அறுவை சிகிச்சை செஞ்சிருக்கியா? நிறம் பிரிச்சுப் பார்க்கத் தெரியுதா? இந்த மூணும்தான் எங்க குறிப்போட முதல் மூணு வரி” என்றார் லோகோ பைலட்.

உதவி லோகோ பைலட்டுக்கு வேண்டிய மருத்துவத் தகுதிக்கு ஏ-1 என்று பெயர். இரண்டு கண்ணும் கண்ணாடி இல்லாமல் தூரப் பார்வையில் 6/6 இருக்க வேண்டும். லேசர் சிகிச்சையால் பார்வையைச் சரிசெய்தவர்களுக்குத் தகுதி இல்லை. நிறப் பார்வை, இரவுப் பார்வை, மங்கிய ஒளியில் பார்வை எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. இவற்றோடு இன்னொரு சோதனையையும் குறிப்பில் விளக்கியிருந்தார்கள். கண்முன் பிளஸ் 2 பவர் லென்ஸ் வைத்து எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். நல்ல கண்ணுக்கு அது மங்க வேண்டும். மங்காமல் தெளிவாகத் தெரிந்தால் கண்ணில் மறைந்திருக்கும் குறை உண்டு என்று பொருள். 6/6 படித்தவரும் அங்கே நின்றுவிடுவார்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்டேன். இரவில் மழை அடிக்கும்போது தூரத்தில் தெரியும் சிக்னலின் நிறத்தை லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார் அவர். ஒருவர் கண் தவறினால் இன்னொருவர் கண் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு பேர்.

இது தெரியாமல் இரண்டு வருடம் படித்து, எழுத்துத் தேர்வுகளையெல்லாம் தாண்டி, மருத்துவப் பரிசோதனையில் திரும்பியவர்களை அவர்களுக்குத் தெரியும். அங்கே தோற்றால் வேறு பணி மாற்றித் தரும் ஏற்பாடும் இல்லை. அதனால் குறிப்பின் முதல் பத்தியில் ஒரு செலவும் சொல்லப்பட்டிருக்கிறது: விண்ணப்பிப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் போய், அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் பார்வைச் சான்றிதழ் படிவத்தைக் காட்டிச் சோதித்துக்கொள். அதே சான்றிதழை மூன்றாம் கட்டத் தேர்வுக்கு எப்படியும் கொண்டுபோக வேண்டும். தேறாதவருக்கு அடுத்த வரியிலேயே மாற்று வழி இருக்கிறது: கண்ணாடியோடு அனுமதிக்கும் டெக்னீசியன் பணிகளும் ரயில்வேயில் உண்டு, அதே ஐடிஐ படிப்பே போதும்.

இரண்டாவது பத்தி சான்றிதழுக்கானது. அதை எழுதுவது திருநெல்வேலிக்காரர். தர்மபுரியிலிருந்து ஒரு மாணவர் அவரிடம் கேட்ட சந்தேகத்தை எனக்குச் சொன்னார். மாணவர் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் உதவியாளர், சம்பளம் வருடத்துக்கு 9 லட்சம் வருகிறது. அம்மா வீட்டில் இருக்கிறார். கொஞ்சம் நிலமும் உண்டு. ‘குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டினால் ஓபிசி கிடையாது’ என்று எங்கோ படித்துவிட்டுப் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கத் தயாராகிவிட்டார்.

“அந்த வரி அரைகுறை, சார்” என்றார் அவர். மத்திய அரசு வேலைக்கான ஓபிசி சான்றிதழில் 8 லட்ச வரம்பு உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம் போன்ற பிற வருமானம் மட்டும் தொடர்ந்து மூன்று வருடம் 8 லட்சத்தைத் தாண்டினால்தான் தடை. அரசு ஊழியரின் பிள்ளைக்குச் சம்பளத் தொகையைப் பார்ப்பதில்லை, அப்பா அம்மா வகிக்கும் பதவியின் நிலையைப் பார்க்கிறார்கள். தர்மபுரி மாணவரின் அப்பா சி பிரிவு ஊழியர். சம்பளத்தையும் நிலத்து வருமானத்தையும் ஒதுக்கினால் மிச்சம் ஒன்றும் இல்லை. அவருக்கு ஓபிசி உண்டு.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் பிடித்திருந்தார். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சான்றிதழிலும் 8 லட்சம் என்ற அதே எண் வருகிறது. அங்கே சம்பளம், விவசாயம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஒரே எண்ணைப் பார்த்து எழுதுபவர்கள் இரண்டு விதியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டிஎன்பிஎஸ்சிக்குக் காட்டிய சாதிச் சான்றிதழை அப்படியே ரயில்வேக்கும் வைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். மத்திய அரசுக்கு அதன் படிவத்திலேயே தனி ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெற வேண்டும். அதற்கும் முன்னால், மாநிலப் பட்டியலில் இருக்கும் தன் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பில் இதை மூன்று படிகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு கட்டம் போட்டிருந்தார்கள். முடித்ததை மாணவர் பேனாவால் டிக் அடித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு கதவும் திறந்த பிறகுதான் தேர்வு வருகிறது. அதை எழுதுவது அமீர்பேட்டை இளைஞர். இரண்டாம் கட்டத் தேர்வில் ஏ, பி என்று இரண்டு பகுதி. ஏ பகுதியில் 100 கேள்வி, 90 நிமிடம். பி பகுதியில் தன் தொழிற்பிரிவு சார்ந்த 75 கேள்வி, 60 நிமிடம். ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும். பி பகுதி மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் எல்லாப் பிரிவினரும் அதில் 35 சதவீதம் எடுத்தே ஆகவேண்டும், யாருக்கும் தளர்வு கிடையாது.

35 சதவீதம் என்று மட்டும் எழுதினால் மாணவர் மனதில் அது பதியாது என்கிறார் இளைஞர். அவர் கணக்காகவே போட்டுக் காட்டுகிறார். 75க்கு 35 சதவீதம் என்றால் 26.25. 29 கேள்விக்குச் சரியாகவும் 8 கேள்விக்குத் தவறாகவும் விடை சொன்னவருக்கு 26.33, தேறிவிட்டார். இன்னும் ஒரு கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போட்டுத் தவறிவிட்டால் 26. ஏ பகுதியில் எவ்வளவு எடுத்திருந்தாலும் வெளியே. இந்த ஒரு கணக்கைப் பார்த்தவர், தெரிந்த விடைகளை எண்ணிப் பார்த்து எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யக் கற்றுக்கொள்கிறார்.

அதே பத்தியில் தமிழ்வழி மாணவருக்கென்று தனியே கோடிட்ட வரி ஒன்று: முதல் இரண்டு தேர்வையும் தமிழில் எழுதலாம், மூன்றாவதான கணினித் திறனறித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். இறுதித் தரவரிசையில் அதற்கு 30 சதவீதம். அதன் ஒவ்வொரு பிரிவிலும் தேற வேண்டும். இரண்டாம் கட்டம் முடிந்தபின் இதைத் தெரிந்துகொண்டால் ஆங்கிலத்தில் கேள்வியின் அறிவுறுத்தலைப் படித்துப் பழக நேரம் போதாது. அதனால் முதல் நாளிலிருந்தே தினம் ஒரு பயிற்சியை ஆங்கிலத்தில் செய்யச் சொல்கிறார்கள்.

மார்ச் 2025க்குப் பிறகு குறிப்பில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. எந்த ஊரில் தேர்வு என்பது சுமார் பத்து நாள் முன்புதான் தெரியும். மைய முகவரியோடு நுழைவுச்சீட்டு நான்கு நாள் முன்பு வரும். ஊர் தெரிந்த அன்றே ரயில் டிக்கெட் எடு. எஸ்சி, எஸ்டி மாணவருக்கு இலவசப் பயணச் சலுகைச் சீட்டு உண்டு, அதையும் அப்போதே இறக்கிக்கொள். ஹைதராபாத் என்றால் ஒரே ஸ்டேஷன் இல்லை: செகந்திராபாத், நாம்பள்ளி, காச்சிகூடா, 2025 ஜனவரியில் புதிய முனையம் திறந்த செர்லபள்ளி என்று ரயில்கள் பிரிந்து போகின்றன. டிக்கெட்டில் எந்தப் பெயர் என்று பார். தேர்வு மையங்கள் நகரின் ஓரத்தில் மெட்ரோ போகாத இடங்களிலும் இருக்கும். கைப்பேசியை மையத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் முகவரியைத் தாளில், தெலுங்கிலும் எழுதி வைத்துக்கொள். ஆட்டோக்காரரிடம் நீட்டினால் போதும். நுழைவுச்சீட்டில் வரவேண்டிய நேரமும் கதவு மூடும் நேரமும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் வட்டமிடு. கிளம்புவதற்கு முன்னும் இறங்கிய பிறகும் தேர்வு வாரியத்தின் இணையதளத்தைப் பார்.

இவர்களின் வேலையில் நான் அதிகம் மதிக்கும் பழக்கம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் அறிவிக்கையின் எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்ற எண்ணும், எழுதிய தேதியும் போடுகிறார்கள். திருத்த அறிவிக்கை வந்தால் பழைய தாளைப் பெற்ற அத்தனை பேருக்கும் மாறிய வரியை மட்டும் முதலில் எழுதி அனுப்புகிறார்கள். இந்தப் பணிக்கே முதலில் 30 என்று இருந்த உச்ச வயது திருத்தத்தில் 33 ஆனது. தேதி இல்லாத பழைய தாளை நம்பி, 31 வயதில் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் வழிகாட்டித் தாள் ஒன்று இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: தேதி இருக்கிறதா, பத்தி எண் இருக்கிறதா, ‘யார் விண்ணப்பிக்கக் கூடாது’ என்பது எத்தனையாவது வரியில் இருக்கிறது. அது கடைசிப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.