நிழல் மூன்று மடங்கு

புகைப்படக் கலையில் எனக்கு மூத்தவரான நண்பர் ஒருவர், பயிற்சிக்கென மூன்று கட்டளைகளை ஓர் அஞ்சலட்டையில் எழுதித் தந்தார். ஒன்று, ஆளைவிட நிழல் மூன்று மடங்காவது நீண்டிருக்க வேண்டும். இரண்டு, படத்தில் ஓரிடம் முழுக் கறுப்பாகவும் ஓரிடம் தூய வெண்மையாகவும் இருக்க வேண்டும். மூன்று, இடத்தை முதலில் சட்டமிட்டுவிட்டு ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளின் 36 படங்களும் இவற்றுக்குள்ளேயே அமைய வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்றாவது கட்டளையின் மூலம் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1932இல் பிரான்சின் இயேர் நகரில் அவர் எடுத்த படத்தில், மேலிருந்து பார்க்கும் நம் கண்ணைச் சுருண்டிறங்கும் படிக்கட்டு தெருவுக்கு இட்டுச் செல்கிறது. அங்கே ஒரு மிதிவண்டிக்காரர் கடந்துபோகிறார். படிகள் எப்போதும் அங்கிருப்பவை. வண்டி மட்டுமே கணநேர விருந்தாளி. அதே ஆண்டு பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரை எடுத்ததோ வேறு வகை. வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்து, அப்பகுதியைப் பின்னர் வெட்ட நேர்ந்தது. குதிகால் நீரைத் தொடுவதற்கு மயிரிழை முந்திய கணம் அது. முதற்படம் காத்திருப்புக்குப் பாடம், இரண்டாவது விரைவுக்கு. நான் முதலாவதைத் தேர்ந்துகொண்டேன்.

ஒரு பங்குனி மாதக் காலையில் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் போய் நின்றேன். அம்மாதத்தில் சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் உதிப்பதால், கிழமேற்காக ஓடும் அத்தெரு நெடுக ஒளி பாய்கிறது. ஆனால் முதல் கட்டளையே என்னைத் திணறடித்தது. சென்னையில் அப்போது சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை வீதம் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. உதித்து ஒரு மணி நேரத்தில் நிழல் ஆளைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு. இரண்டு மணி நேரத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. மூன்று மணி நேரத்தில் ஆளும் நிழலும் சமம். பாரிஸிலோ டிசம்பர் பிற்பாதியில் நண்பகலிலும் சூரியன் சுமார் 18 பாகைக்கு மேல் எழுவதில்லை; அங்கே நாள் முழுதும் மூன்று மடங்கு நிழல் கிடைக்கிறது. நமக்கு வாய்ப்பது காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமுமே. அதிலும் கீழ்த்திசைக் கட்டடங்கள் முதல் அரைமணியைத் தின்றுவிடுகின்றன.

முதற்சுருள் பாழானது. பாதிச் சட்டம் நிழலாக இருந்ததால், காமிராவின் ஒளிமானி அந்த இருட்டையும் சேர்த்துச் சராசரி கண்டு, கூடுதல் ஒளியை உள்ளே விட்டிருந்தது. கறுப்பாக விழவேண்டிய சுவர் சாம்பல் நிறமாக வந்தது. வேட்டியின் மடிப்புகள் வெண்மையில் கரைந்தன. அடுத்த முறை காமிராவைத் தாழ்த்தி, வெயில் விழுந்த தரையை மட்டும் அளந்து, அந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டேன். 400 வேகப் படச்சுருளுக்கு நொடியில் 500இல் ஒரு பங்கு, துளை எஃப் 8 என்று வந்தது. 35 மில்லிமீட்டர் லென்ஸை மூன்று மீட்டரில் குவித்து வைத்தால், ஏறக்குறைய இரண்டிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாக விழும். பிறகு குவியத்தைத் தொடவே வேண்டாம்.

கிழக்கு நோக்கி நின்றேன். எதிரே வருபவர்கள் கரிய உருவங்களானார்கள். நிழல்கள் என் காலடி நோக்கி நீண்டன. நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு எட்டு வைக்கிறார். கால்கள் அகன்று நடுவே வெளிச்சம் தெரியும் கணம் ஒவ்வோர் எட்டிலும் ஒருமுறைதான் வருகிறது. கால்கள் சேர்ந்திருக்கையில் அழுத்தினால் மனிதர் கம்பமாகிவிடுவார். தலை பின்னாலுள்ள இருண்ட சுவரோடு ஒட்டினால் தலையே காணாது போகும். அகன்றதைக் கண்டபின் அழுத்துவது தாமதம். பின்கால் எழும்போதே விரல் இறங்க வேண்டும்.

அப்படி அமைந்தது ஒரே ஒரு படம். தலையில் கூடையுடன் பூக்கார அம்மாள், அகன்ற எட்டு, சட்டத்தின் கீழ்விளிம்பைத் தொடும் நிழல். மூன்று கட்டளைகளும் நிறைவேறியிருந்தன. பிரதி ஒன்றை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான் தம்பி, என் மொகம் எங்கே?” என்றார்.

பதில் சொல்ல இயலவில்லை. எந்தக் கறுப்புக்காக இரு வாரம் அலைந்தேனோ, அந்தக் கறுப்புக்குள்தான் அவர் முகம் இருந்தது. மறுநாள் அதே நேரத்தில் தெருவின் மறுகோடியில், சூரியனை முதுகில் வாங்கி நின்றேன். அவர் முகத்தில் வெயில் விழுந்தது. நிழல் அவருக்குப் பின்னால் மறைந்து குட்டையாகத் தெரிந்தது. அஞ்சலட்டையின்படி அது தோற்ற படம். அந்தப் பிரதியைத்தான் அவர் கடையில் மாட்டியிருக்கிறார்.