ஒரே வயிற்றில் விழுந்த சீட்டு

அப்பா பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றி வருவார். ஒல்லியான உடம்பு. அவருக்கும் சர்க்கரை வந்தது. விரலில் புண் வந்து நடை நின்றபோது, "நடக்கிறத விட்டாரு, சர்க்கரை ஏறிடுச்சு" என்றார்கள் உறவினர்கள். ஏறியதால்தான் நின்றது என்பது வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியும்.

காரணமும் விளைவும் இப்படி இடம் மாறித் தெரிவதைத் தவிர்க்க, என் துறையில் மெண்டலிய சமவாய்ப்பாக்கம் என்றொரு வழி உண்டு. பெற்றோரிடம் உள்ள இரு பிரதிகளில் எது பிள்ளைக்கு வரும் என்பது சீட்டுக் குலுக்கல். பிறகு வரும் நோயால் அந்தச் சீட்டை மாற்ற முடியாது. ஆகவே, எடையைக் கூட்டும் மரபணு வடிவம் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் அதிகம் என்றால், எடைதான் காரணம் என்று வாதிடலாம்.

எஃப்டிஓ அப்படிப்பட்ட மரபணு. 2007இல் ஐரோப்பியரிடம் எடையின் பங்கைக் கழித்ததும், அதற்கும் சர்க்கரைக்குமான தொடர்பு மறைந்தது. 2009இல் யாக்னிக் குழுவினர் புனே, மைசூர் மக்களிடம் பார்த்தபோது மறையவில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் நோய்க்கான வாய்ப்பு விகிதம் 26 சதவீதம் கூடியது. உயரத்துக்கேற்ற எடையைக் கழித்த பிறகும் 21 சதவீதம் மிஞ்சியது. இடுப்பளவை வைத்துப் பார்த்தும் தொடர்பு போகவில்லை.

அந்த மிச்சத்துக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். எங்கள் அப்பாவைப் போன்ற ஒல்லி உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பை எடைக்கருவியும் நாடாவும் பிடிக்காமல் இருக்கலாம். அல்லது, அந்த மரபணு எடையைத் தொடாமல் வேறு வழியாகவும் சர்க்கரையைக் கூட்டலாம். இரண்டாவது உண்மையானால் வாதமே சரிந்துவிடும். மரபணு எடை வழியாக மட்டுமே நோயைத் தொடுகிறது என்பது நாம் நம்பி எடுத்துக்கொண்டது. தரவைக் கொண்டு அதை முழுமையாக நிரூபிக்க வழியில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொந்த சாதிக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிறோம். ஒரு மரபணு வடிவம் ஒரு சாதியில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கலாம். நிலமும் சோறும் வேலையும்கூடச் சாதியோடு சேர்ந்தே வருகின்றன. எல்லோரையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், சாப்பாட்டின் விளைவு மரபணுவின் கணக்கில் ஏறிவிடும்.

உண்மையான குலுக்கல் ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்குள்தான் நடக்கிறது. அங்கே சாதி ஒன்று, அடுப்பு ஒன்று. சீட்டு மட்டும் வேறு. உடன்பிறந்தவர்களை மட்டும் ஒப்பிட்டதும் தொடர்பு சுருங்கினால், முதலில் கண்டதில் ஒரு பகுதி குடும்பச் சூழலோ சாதியோ தந்தது என்று சந்தேகிக்கலாம். ஆனால் ஒரே சீட்டு விழுந்த சோடிகள் இந்தக் கணக்குக்கு உதவமாட்டார்கள் என்பதால், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தேவைப்படும். மரபணுவுக்கு வேறு வழி உண்டா என்ற பழைய கேள்வியும் அப்படியே நிற்கும்.

தம்பிக்குச் சர்க்கரை, எனக்கு இன்னும் இல்லை. போன பௌர்ணமிக்கு, குபேர லிங்கம் தாண்டும்போது கேட்டான்: "அப்பாவோடது எனக்கு வந்துடுச்சு, உனக்கு வரல, அதானே?"

"நம்ம ரெண்டு பேர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுடா."

"இத்தன வருஷம் படிச்சு இதான் சொல்றியா?" என்றபடி முன்னால் நடந்தான். செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.