எடுத்த கணக்கு

கருத்தரங்கம் ஒன்றுக்காக மதுரையில் ஒரு சிறிய லாட்ஜில் மூன்று நாள் தங்கினேன். 12 அறைகள். அத்தனைக்கும் ஒரே அக்கா. இரண்டாம் நாள் காலையில் அறைச் சோதனைத் தாளோடு வாசலில் நின்றார்.

"ஒரு டவல் குறையுதாம் மேடம். சம்பளத்துல பிடிப்பாங்களாம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். விரிப்பு 1, தலையணை உறை 2, டவல் 2, சோப்பு, ஷாம்பு, விளக்கு, மின்விசிறி, கீசர், ஃப்ளஷ், தாழ்ப்பாள். எல்லாவற்றுக்கும் டிக், கீழே அக்காவின் கையெழுத்து. அறை தயாரானதும் நிரப்புகிற தாள் அது. உள்ளே போனதைச் சொல்கிறது. வெளியே வந்ததைச் சொல்ல இடமே இல்லை.

டவல் தொலைய மூன்று வழிகள் உண்டு. தங்கியவர் பையில் போகலாம். அழுக்கு விரிப்புக்குள் சுருண்டு மூட்டையோடு போகலாம். சலவையிலிருந்து திரும்பாமல் போகலாம். இந்தத் தாளால் மூன்றையும் பிரித்தறிய முடியாது. அதனால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது.

சலவைச் சீட்டைக் கேட்டேன். திங்கட்கிழமை 14 டவல் போயிருக்கிறது, 13 வந்திருக்கிறது. எண்ணி வாங்கியதாக யாருடைய கையெழுத்தும் இல்லை. அக்கா எடுத்த 14-உம் மூட்டைக்குள் போயிருக்கிறது. குறைந்தது அதற்குப் பிறகு. கவனக்குறைவு அவருடையதுதான் என்று காட்டாமல், விளக்கம் சொல்ல வாய்ப்பும் தராமல் கூலியில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். "சின்ன விஷயம் மேடம்" என்றார். அந்த மாதம் பிடிக்கவில்லை.

தாளில் ஒரு கட்டம் கூட்டினால் போதும்: 'எடுத்தது'. விருந்தினர் சாவி கொடுக்கும்போதே விரிப்பை உதறி, எண்ணி, எழுத வேண்டும். இரண்டு வைத்து ஒன்று கிடைத்தால் அவரிடமே கேட்டுவிடலாம். மூட்டை போகும்போதும் வரும்போதும் இரு தரப்பும் எண்ணிக் கையெழுத்திட வேண்டும்.

அக்காவுக்குச் சோதிக்கத் தெரியாமல் இல்லை. நுழைந்ததும் கீசரைப் போடுவார். படுக்கை விரித்து முடிக்கையில் தண்ணீர் சுட்டிருக்க வேண்டும். ஃப்ளஷை அழுத்தி, தொட்டி நிரம்பி நீர் நிற்கிறதா என்று காத்திருந்து கேட்பார்.

என் அறைத் தாழ்ப்பாளுக்கும் தாளில் டிக் இருந்தது. ஆனால் கதவு இறங்கியிருந்ததால் அதன் முனை நிலைத் துளைக்குள் நுழையவில்லை. முதல் இரவு நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் படுத்தேன். உள்ளிருந்து பூட்டி, இழுத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

"மூணு தடவ சொல்லிட்டேன் மேடம். டிக் போடலன்னா ரூம் ரெடியில்லன்னு என்னையத்தான் திட்டுவாங்க."

அவர் சொன்னதை எழுதவும் தாளில் இடமில்லை. கருத்தரங்க அழைப்பிதழின் பின்பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன்: எடுத்தது, பழுது சொன்ன தேதி. அக்கா முதலில் நிரப்பியது இரண்டாவதை.